கூரைத் தகட்டுக்கு மூன்று விலைமனு, மூன்றும் மூன்று விதம்: கடிதத்தை எப்படி எழுதினால் ஒப்பிடலாம்?

சங்கச்செயலாளர்
திருக்கோவிலில் எங்கள் மீனவர் சங்க மண்டபத்தின் ஓட்டுக் கூரையைக் கழற்றிவிட்டுத் தகடு போடப் போகிறோம். மண்டபம் 60 அடி நீளம், இரண்டு பக்கச் சரிவு, ஒவ்வொரு சரிவும் 16 அடி. முந்திய நிர்வாகம் மூன்று கடைகளுக்கு அனுப்பிய கடிதத்தில் இருந்தது ஒரே வரிதான்: "60 அடி மண்டபத்துக்கு நல்ல தரமான 0.47 நிறத் தகடு, விலை அறியத் தரவும்." வந்த பதில்களைப் பாருங்கள். முதல் கடை, அடி 420 ரூபாய். இரண்டாம் கடை, அடி 510 ரூபாய். மூன்றாவது ஆள் எதையும் பிரிக்காமல் "கூரை வேலை முழுவதும் 3,98,000" என்று ஒரு தொகை போட்டிருக்கிறார். கூட்டத்தில் பாதிப் பேர் 420ஐ எடு என்கிறார்கள். எனக்கு அதில் கையெழுத்து வைக்க மனமில்லை, ஏனென்றால் மூவரும் ஒரே பொருளுக்குத்தான் விலை சொன்னார்களா என்றே தெரியவில்லை. மாரிக்கு முன் கூரை ஏற வேண்டும். புதிதாக ஒரு கடிதம் எழுதி எல்லாருக்கும் திரும்ப அனுப்பலாம் என்று பார்க்கிறேன். அதில் என்ன என்ன இருக்க வேண்டும்?

படுவான்கரையான்
இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? நல்ல கம்பெனி ஒன்றின் பெயரைப் போட்டு "இந்தத் தகடுதான் வேண்டும்" என்று எழுதுங்கள். எல்லாரும் அதுக்கே விலை தருவார்கள், குறைந்தவரிடம் வாங்கினால் முடிந்தது.

கல்லடிப்பாலம்
செயலாளர், முதலில் அந்த 420, 510 கணக்கைப் பார்ப்போம், கூட்டத்தில் சொல்லவும் உதவும்.

அடி விலை என்றால் தகட்டின் நீளத்துக்கான அடி. அகலம் எவ்வளவு என்று இரண்டு மனுவிலும் இருக்கிறதா? 3 அடிச் சுருளில் வார்த்த தகடு ஒன்று, மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஓரமும் போக, கூரையில் மூடுவது ஏறக்குறைய 2½ அடிதான். 4 அடிச் சுருளில் வார்த்தது 1 மீற்றர், அதாவது சுமார் 3.28 அடி மூடும், வார்ப்பைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். முதல் கடை சின்ன அகலம், இரண்டாம் கடை பெரிய அகலம் என்று வையுங்கள். முதல் கடைத் தகட்டில் 60 அடியை மூட ஒரு பக்கத்துக்கு 24 தகடு, இரு பக்கமும் 48, நீளம் 16 அடியாக மொத்தம் 768 அடி, 420 வீதம் 3,22,560 ரூபாய். இரண்டாம் கடையில் ஒரு பக்கத்துக்கு 19 தகடு, மொத்தம் 38, அதாவது 608 அடி, 510 வீதம் 3,10,080 ரூபாய். அடிக்கு 90 ரூபாய் கூடினவர் மொத்தத்தில் 12,480 ரூபாய் குறைவு. அவர்களிடம் அகலத்தைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள், அதுவரை 420 மலிவு என்று ஒருவரும் சொல்ல முடியாது.

அதனால் புதுக் கடிதத்தில் அடி விலையே கேட்கக் கூடாது. "60 அடிக்கு 16 அடி, இரண்டு சரிவு, முழுக்க மூட எவ்வளவு" என்று கேளுங்கள். தகட்டின் மூடும் அகலத்தையும் எத்தனை தகடு என்பதையும் அவர்கள் எழுதட்டும். எந்த அகலத்தில் வந்தாலும் உங்கள் கூரை ஒன்றுதான், ஒப்பிடுவது அந்தக் கூரையின் விலையை.

சங்கச்செயலாளர்
அக்கா, இப்போதே முதல் கடைக்கு போன் எடுத்துக் கேட்டேன். அவர்கள் தகடு 2½ அடிதான் மூடுமாம். இரண்டாம் கடை 1 மீற்றர் என்கிறது. நீங்கள் போட்ட கணக்கு அப்படியே சரி.

கல்முனைக் கடைக்காரன்
நான் விற்கிற பக்கம் நிற்பவன், இருந்தாலும் சொல்கிறேன். இப்படி ஒற்றை வரிக் கடிதம் வந்தால் எங்களுக்கும் கஷ்டம்தான். "0.47" என்று இருக்கிறதே, அது எதன் தடிப்பு? உள்ளே இருக்கும் இரும்பு 0.42 மில்லிமீற்றர் இருந்து, அதன் மேல் சதுர மீற்றருக்கு 150 கிராம் அலுமினிய நாகப் பூச்சு ஏறினால் 0.46, 0.47 வரும். நிறப்பூச்சு அதுக்கு மேல் தனி. இது ஒரு வகை 0.47. இன்னொரு வகையில் நிறப்பூச்சையும் சேர்த்து அளந்துதான் 0.47 சொல்வார்கள். அதில் உள் இரும்பு 0.42க்குக் குறைவாகவே நிற்கும். பூச்சும் 150 கிராமுக்குப் பதிலாக 100 அல்லது 70 கிராமாக இருந்தால் சரக்கு இன்னும் மலிவு. இரண்டையும் 0.47 என்றுதான் பில்லில் எழுதுவார்கள், இரண்டும் ஒரே நிறம், பார்வைக்கு ஒரே மினுக்கம்.

கடிதத்தில் 0.47 மட்டும் இருந்தால் நான் நல்ல சரக்குக்கு விலை போட்டுத் தோற்க வேண்டும், இல்லாவிட்டால் நானும் மெல்லிசுக்கு இறங்க வேண்டும். உள் இரும்பு 0.42க்குக் குறையக் கூடாது, பூச்சு ஏ.இசட் 150, அதாவது அந்த 150 கிராம், என்று எழுதிவிடுங்கள். அப்போதுதான் எங்களுக்கும் விலையில் மட்டும் போட்டி போட முடியும்.

படுவான்கரையான்
அதைத்தானே நானும் சொன்னேன், கம்பெனிப் பெயரைப் போட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

கல்லடிப்பாலம்
பாதி சரி தம்பி. கம்பெனிப் பெயர் போட்டால் ஏதோ ஒரு தரம் உறுதி என்பது உண்மை. ஆனால் ஒரே கம்பெனி மெல்லிசு, நடுத்தரம், தடிப்பு என்று பல வகை வார்க்கிறது, பெயர் மட்டும் போட்டால் மெல்லிசுக்கும் விலை வரும். அப்புறம், அந்தப் பெயருக்கு இந்தப் பக்கம் ஒன்றிரண்டு முகவர்கள்தான் இருப்பார்கள், மற்றக் கடைக்காரர் அவர்களிடமே வாங்கித்தான் உங்களுக்கு விற்க வேண்டும். பெயருக்கு மூன்று மனு வரும், அடிப்படை விலை ஒரே இடத்திலிருந்து வரும். சிலர் "இந்தக் கம்பெனி அல்லது அதற்குச் சமமானது" என்று எழுதுவார்கள். எதில் சமம் என்று சொல்லாவிட்டால் சமமா இல்லையா என்பதை மனு திறந்த பிறகு, விலை தெரிந்த பிறகு, நீங்கள் முடிவு செய்ய வேண்டி வரும். அந்த இடத்தில்தான் ஊரில் கதை கிளம்பும். தடிப்பு, பூச்சு, நீளம் ஆகியவற்றை எண்ணாக எழுதினால் பெயர் தேவையே இல்லை.

வாகரை ரீச்சர்
எங்கள் முன்பள்ளிக்குப் பிளாஸ்டிக் கதிரை வாங்கும்போதும் இதே கூத்துத்தான். "சிறுவர் கதிரை 40" என்று கேட்டோம். வந்ததில் ஒரு கடையின் கதிரை கால் விரிந்து போகிறது. அடுத்த தடவை உயரமும், ஒரு கதிரையின் ஆகக் குறைந்த எடையும் எழுதினோம், மாதிரிக்கு ஒன்று கொண்டுவந்து வைக்கச் சொன்னோம். தகட்டுக்கும் எடை கேட்கலாமா?

கல்லடிப்பாலம்
கேட்கலாம் ரீச்சர், கட்டாயம் கேட்க வேண்டியது அது. பொருள் வந்து இறங்கும்போது கையில் பிடிக்கிற ஒரே ஆதாரம் எடைதான். நுண்மானியால் அளந்தால் நிறப்பூச்சும் சேர்ந்துதான் வரும், உள் இரும்பைத் தனியே காட்டாது. ஆனால் இரும்பு 1 மில்லிமீற்றர் தடிப்பில் சதுர மீற்றருக்கு 7.85 கிலோ. 0.42க்கு 3.3 கிலோ, அலுமினிய நாகப் பூச்சு 0.15 கிலோ. 4 அடிச் சுருளில் வார்த்த 16 அடித் தகட்டை விரித்துப் பார்த்தால் ஏறக்குறைய 5.95 சதுர மீற்றர், ஆகவே 20½ கிலோவுக்குக் கிட்ட வர வேண்டும், நிறப்பூச்சு அதுக்கு மேல் கொஞ்சம். உள் இரும்பு 0.35 என்றால் அதே தகடு 17½ கிலோவைத் தாண்டாது. ஒரு தகட்டில் 3 கிலோ வித்தியாசத்தை எந்தத் தராசும் காட்டும். சங்கத்தில் மீன் நிறுக்கும் தராசு இருக்குமே. ஒன்றை மட்டும் நிறுக்காமல் ஐந்தாகக் கட்டி நிறுத்துப் பாருங்கள், சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் அடங்கிவிடும்.

சங்கச்செயலாளர்
தராசு இருக்கிறது. அக்கா, முடிந்தால் கடிதத்தின் வாசகத்தையே எழுதித் தாருங்கள், கூட்டத்தில் வாசித்துக் காட்டுகிறேன். தச்சர் குறுக்குச் சட்டம் ஒவ்வொரு சரிவிலும் ஏழு அடித்து முடித்துவிட்டார், இடைவெளி 2 அடி 8 அங்குலம். தகடு ஏற்றுகிறவரும் அவர்தான், கூலி தனியே பேசியாயிற்று. நாங்கள் வாங்குவது பொருள் மட்டும்.

கல்லடிப்பாலம்
அந்தக் கடைசி வரி முக்கியம், அதையே முதலில் எழுதுங்கள். மூன்றாவது ஆளின் 3,98,000க்குள் கூலி இருக்கிறதா இல்லையா என்று இன்றைக்கும் உங்களுக்குத் தெரியாது. என் வரைவு:

> பொருள் மட்டும் கோரப்படுகிறது. பொருத்தும் கூலி, மரச்சட்டம் என்பன இதில் சேராது. கூரை 60 அடி நீளம், ஒவ்வொன்றும் 16 அடியான இரண்டு சரிவு. குறுக்குச் சட்டம் சரிவுக்கு ஏழு. விலை தருமுன் விரும்புபவர் வந்து அளந்து பார்க்கலாம்.
>
> தகடு: நிறம் பூசிய அலுமினிய நாகப் பூச்சுத் தகடு. உள் இரும்பின் தடிப்பு 0.42 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. பூச்சு ஏ.இசட் 150. ஒவ்வொரு தகடும் 16 அடி ஒரே துண்டாக, இடையில் ஒட்டு இல்லாமல். நிறம் கடும் பச்சை.
>
> முகட்டுத் தகடு: அதே தடிப்பு, அதே பூச்சு, அதே நிறம். 8 அடித் துண்டு எட்டு, 6 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி.
>
> திருகாணி: தானே துளைத்து மரத்தில் இறங்கும் வகை, ரப்பர் வளையத்துடன், கடலோரத்துக்கான பூச்சு, அவுஸ்திரேலிய ஏ.எஸ் 3566 தரத்தில் நான்காம் வகுப்பு. எண்ணிக்கை 900.
>
> ஏற்றி, திருக்கோவிலில் மண்டப வாசலில் இறக்கித் தரும் செலவு தனி வரியில். வரி தனி வரியில். விலை 30 நாள் மாறாதிருக்க வேண்டும். கட்டளை கொடுத்து எத்தனை நாளில் தருவீர்கள் என்று எழுதவும்.

திருகாணி 900 எப்படி என்றால், ஏழு சட்டம், அடிக்கு ஒன்று, 60 அடி, இரண்டு பக்கம், அது 840. மிச்சம் சேதாரத்துக்கு. எண்ணிக்கையை நீங்களே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் 500 போடுவார், ஒருவர் 1,000 போடுவார், 500 போட்டவர் மலிவாகத் தெரிவார். 1978 நவம்பர் புயலில் மட்டக்களப்பில் பறந்த கூரைகளைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காற்று தகட்டை மேலே இழுக்கும்போது பிடித்து நிற்பது இந்தத் திருகாணிதான், அதில் மிச்சம் பிடிக்க இடம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. கடிதத்தோடு ஒரு அட்டவணை இணையுங்கள். இடப்பக்கம் நாங்கள் கேட்டது, நடுவில் "நீங்கள் தருவது" என்று வெற்று இடம், வலப்பக்கம் விலை. நடு இடத்தில் "ஆம்", "சரி" என்று எழுதினால் ஏற்க மாட்டோம், 0.42, ஏ.இசட் 150, மூடும் அகலம், ஒரு தகட்டின் எடை என்று எண்ணாகவே எழுத வேண்டும் என்று கீழே குறிப்புப் போடுங்கள். தன் கையால் 0.42 என்று எழுதிக் கடை முத்திரையும் வைத்தவர் பிறகு 0.38 கொண்டுவந்து இறக்க யோசிப்பார்.

கல்முனைக் கடைக்காரன்
நல்ல கடிதம். ஒன்று சேர்க்கலாம். உத்தரவாதக் கடிதத்தின் பிரதியையும் மனுவோடு கேளுங்கள். பத்து வருடம், பதினைந்து வருடம் என்று எல்லாரும் வாயால் சொல்வோம். கம்பெனியின் தாளை எடுத்துப் பார்த்தால் கடலிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் இருக்கும் கட்டடத்துக்குச் செல்லாது என்று ஒரு வரி பலதிலும் இருக்கும். திருக்கோவிலில் உங்கள் மண்டபம் கரையில்தானே? மண்டபம் கடலிலிருந்து எத்தனை மீற்றர் என்பதைக் கடிதத்திலேயே எழுதி, அந்தத் தூரத்துக்கு உத்தரவாதம் உண்டா என்று கேளுங்கள். எங்களிடம் கேட்காவிட்டால் நாங்கள் சொல்ல மாட்டோம் என்பதல்ல, கேட்டால் கம்பெனியிடம் எழுத்தில் வாங்கித் தருவோம்.

ஆலையடிவேம்பு ரவி
இவ்வளவு எழுத்து எதுக்கு அண்ணன்? குறைந்த மனுவை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள், "இவர் 3,10,000 போட்டிருக்கிறார், நீ எவ்வளவுக்கு வருவாய்" என்று கேளுங்கள். நான் வீட்டுக்கு இப்படித்தான் வாங்கினேன், நல்லாக் குறைந்தது.

கச்சேரிக் கணக்கர்
ரவி, உங்கள் வீட்டுக்கு உங்கள் காசு, எப்படியும் பேரம் பேசலாம். இவர் கேட்டது வேறு, சங்கத்தின் காசுக்கு எல்லாரையும் ஒரே நிலையில் நிறுத்தி விலை கேட்பது எப்படி என்பது. ஒருவரின் விலையை மற்றவருக்குக் காட்டினால், முதலில் நேர்மையாக அடிமட்ட விலை போட்டவர்தான் ஏமாறுவார். அடுத்த தடவை அவர் பேரத்துக்கென்று பத்து வீதம் கூட்டித்தான் போடுவார், எல்லாரும் அப்படியே. அதோடு, விலை இறங்கும்போது பொருளும் சேர்ந்து இறங்கும், ஏ.இசட் 150 ஏ.இசட் 100 ஆகும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

செயலாளருக்கு இரண்டு நடைமுறை சொல்கிறேன், கச்சேரியில் விலைமனுக் கோப்புகளோடு காலம் கழித்தவன் நான். ஒன்று, ஒரு கடை போன் எடுத்து "சட்டம் மரமா இரும்பா" என்று கேட்டால், அவருக்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள். கேள்வியையும் பதிலையும் எழுதி, கேட்டவர் பெயர் போடாமல், கடிதம் போன எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். கேள்வி கேட்கக் கடைசித் திகதி ஒன்று வையுங்கள், மனு ஒப்படைக்கும் திகதிக்கு நாலைந்து நாள் முன்னால். இரண்டு, மூடிய உறையில் வாங்குங்கள், நேரம் குறித்து எல்லா உறையையும் ஒன்றாகத் திறங்கள், மூன்று பேர் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து வையுங்கள். பழைய மூன்று மனுவையும் ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள், அவர்களும் புதிய கடிதத்துக்குப் புதிதாகத் தரட்டும்.

அப்புறம் வற் வரி. எங்கள் அலுவலகத்தில் ஒப்பிடும்போது வற்றை நீக்கிவிட்டுத்தான் பார்ப்போம். அதையே செய்யுங்கள், அதுதான் நியாயம்.

சங்கச்செயலாளர்
ஐயா, இதில் எனக்குக் குழப்பம். முதல் கடை வற்றுக்குப் பதிவு இல்லை, 18 வீதம் போட மாட்டார்கள். இரண்டாம் கடை போடுவார்கள். எங்கள் சங்கத்துக்கு அந்த வரி திரும்ப வராது, கையிலிருந்து போகிறதுதான். அந்த 510க்குள் வரி இருக்கிறதா என்றும் மனுவில் இல்லை.

கல்லடிப்பாலம்
கணக்கர் ஐயா சொல்வது அரசாங்கக் காசுக்குப் பொருந்தும். வரி ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போவது அங்கே. சங்கத்துக்கு அப்படி இல்லை, வங்கிக் கணக்கிலிருந்து உண்மையில் போகும் தொகைதான் செலவு. 510 வரி இல்லாத விலை என்றால் 3,10,080 ரூபாய் 3,65,894 ஆகிவிடும், அப்போது முதல் கடையே மலிவு. ஒரு வரி தெரியாததால் முடிவு தலைகீழாகிறது பாருங்கள். என் எண்ணம், வரியோடு சேர்த்து ஒப்பிடுங்கள்.

கச்சேரிக் கணக்கர்
அப்படிப் பார்த்தால் பதிவு செய்து ஒழுங்காக வரி கட்டும் வியாபாரிக்கு 18 வீதம் பின்னடைவு. அவரும் பதிவில்லாத கடையும் ஒரே தரையில் நிற்கவில்லை. இது எனக்கு ஒப்பவில்லை.

கல்முனைக் கடைக்காரன்
ஐயா சொல்வது என் வலி. ஆனால் வாங்குகிறவர் இடத்தில் நின்றால் செயலாளரும் பிழை இல்லை. பதிவில்லாதவரும் கொழும்பில் வாங்கும்போது வற் கட்டித்தான் வாங்குகிறார், அது அவர் விலைக்குள் ஒளிந்திருக்கிறது, அதனால் முழு 18 வீதமும் வித்தியாசமாக வராது. எதுவோ ஒன்று, எந்த முறையில் ஒப்பிடுவீர்கள் என்பதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். மனு திறந்த பிறகு தீர்மானித்தால்தான் கோபம் வரும். தெரிந்தால் நான் அதற்கேற்ப விலை போடுவேன், அல்லது போடாமல் விடுவேன்.

சங்கச்செயலாளர்
அதை நிர்வாகக் கூட்டத்தில் வைத்து முடிவெடுத்து, எழுதியே அனுப்புகிறேன். இன்னொரு கேள்வி. இரண்டாம் கடைக்காரர் "கரைக்கு இரும்பே வேண்டாம், முழு அலுமினியத் தகடு போடுங்கள், கொஞ்சம் கூடும், ஆனால் துருப்பிடிக்காது" என்கிறார். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது போலத் தெரிகிறது. அதையும் மனுவில் போட விடலாமா?

கல்லடிப்பாலம்
விடலாம், ஆனால் மாற்று யோசனை தனித் தாளில், தனி விலையில். முதலில் கேட்ட தகட்டுக்கு முழு விலை தந்தவரின் மாற்றை மட்டும் பாருங்கள், வெறும் அலுமினியம் மட்டும் போட்டுத் தருபவரை ஒப்பீட்டுக்குள் எடுக்காதீர்கள். கேட்ட தகட்டில் யார் குறைவு என்று முதலில் தீர்மானியுங்கள். மாற்று உங்களுக்கு உண்மையிலேயே பிடித்திருந்தால், அலுமினியத்துக்கு வேறு கடிதம் எழுதி எல்லாரிடமும் கேளுங்கள். அலுமினியத்துக்கு தடிப்பு வேறு, எடைக் கணக்கு வேறு, திருகாணியின் உலோகமும் ஒத்துப்போக வேண்டும், இந்தக் கடிதத்தையே நாலு சொல் மாற்றி அனுப்ப முடியாது.

கச்சேரிக் கணக்கர்
யோசனை சொன்னவருக்கு அதில் என்ன பலன் அக்கா? அவர் மூளையை எடுத்து மற்றவருக்குக் கொடுப்பது போல இருக்கிறது.

கல்லடிப்பாலம்
அது உண்மைதான் ஐயா, அதுக்கு நல்ல விடை என்னிடம் இல்லை. கரையோரத்தில் எது பொருத்தம் என்பதை மனு கேட்குமுன்பே, விற்காத ஒருவரிடம், பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் போன்றவரிடம், கேட்டுத் தீர்த்துக்கொண்டால் இந்தச் சங்கடம் குறையும். செயலாளர், இன்னும் கடிதம் போகவில்லைதானே? இரும்புத் தகடா அலுமினியத் தகடா என்பதை இந்தக் கிழமையே முடிவெடுங்கள், பிறகு அனுப்புங்கள்.

சங்கச்செயலாளர்
போகவில்லை அக்கா. திங்கட்கிழமை பிரதேச சபைக்குப் போகிறேன். கடலிலிருந்து மண்டபத்துக்கு எத்தனை மீற்றர் என்று நாளைக் காலையில் தச்சரோடு அளந்துகொண்டு போகிறேன், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.